ஆப்பில் பாக்கி பூஜ்யம். கிரெடிட் கார்டை மூட ஒரு கடிதம் போதுமா?

மார்த்தாண்டம் டீச்சர், 6 செப்டம்பர் 2025

எட்டு வருஷமா ஒரு கிரெடிட் கார்டு வச்சிருக்கேன். அக்டோபர்ல வருஷக் கட்டணம் 999 ரூபாயும் அதுக்கு ஜிஎஸ்டியும் விழும், அதுக்கு முன்னாடி மூடிடணும். ஆகஸ்ட் 1ஆம் தேதி வீட்டுக்கு ஒரு கிரைண்டரும் மிக்சியும் 8,640 ரூபாய்க்கு வாங்கினதுதான் கடைசிப் பெரிய செலவு. முந்தாநாள் பணம் கட்டியாச்சு, ஆப்பைத் திறந்தா பாக்கி பூஜ்யம்னு காட்டுது. இனி ஒரு கடிதம் எழுதி, கார்டை இரண்டா வெட்டிப் போட்டா முடிஞ்சதுதானே? ஓண லீவு முடியறதுக்குள்ள தபால் ஆபீஸ் போயிடலாம்னு இருக்கேன்.

ரப்பர்வெட்டு குலசேகரம், 6 செப்டம்பர்

முடிஞ்சது டீச்சரே. கடிதம் கூட வேண்டாம். கார்டை ஒரு வருஷம் தொடாம வச்சிருந்தா அவங்களே மூடிடுவாங்க. எனக்க மச்சானுக்கு அப்படித்தான் நடந்துது.

தக்கலை பழைய காசாளர், 6 செப்டம்பர்

ரப்பர்வெட்டு சொல்றது பாதி சரி. ஒரு வருஷத்துக்கு மேல உபயோகிக்காத கார்டை, முதல்ல தகவல் சொல்லி, 30 நாள் பதில் வரலைன்னா மூடணும்னு ரிசர்வ் வங்கியின் 2022 விதியில இருக்கு. ஆனா பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. அந்த ஒரு வருஷத்துக்குள்ள வருஷக் கட்டணம் விழுந்தா அதுவே பாக்கி. அப்புறம் அதுக்கு வட்டி. மச்சான் வச்சிருந்தது கட்டணமில்லாத கார்டா இருக்கும்.

டீச்சர், கடிதத்தை இப்ப அனுப்பாதீங்க. முதல்ல ரெண்டு கேள்வி. கடைசி நாள் எது, நீங்க கட்டினது எந்தத் தேதி? அந்தக் கார்டுக்கு ஆட்டோபே ஏதாவது இருக்கா?

மார்த்தாண்டம் டீச்சர், 6 செப்டம்பர், இரவு

பில் தேதி 12. கடைசி நாள் செப்டம்பர் 1. எனக்க சேமிப்புக் கணக்குல இருந்து ஆட்டோபே போட்டிருந்தேன், அதனால நிம்மதியா இருந்தேன். 4ஆம் தேதி பாஸ்புக்கைப் பார்த்தா 1ஆம் தேதி 432 ரூபாய் மட்டும் போயிருக்கு! எப்பவோ 'குறைந்தபட்சத் தொகை'ன்னு டிக் பண்ணி வச்சிருக்கேன் போல. பதறிப் போய் மீதி 8,208 ரூபாயை அன்னிக்கே கட்டினேன். தாமதக் கட்டணம் ஒண்ணும் போடலை.

தக்கலை பழைய காசாளர், 7 செப்டம்பர்

குறைந்தபட்சத் தொகை நேரத்துக்குப் போயிட்டதால தாமதக் கட்டணம் இல்லை. வட்டி உண்டு. முழுத் தொகையைக் கடைசி நாளுக்குள்ள கட்டலைன்னா, வட்டியில்லாத நாள்னு ஒண்ணு கிடையாது. பொருள் வாங்கின நாள்ல இருந்தே எண்ணுவாங்க. அந்த வட்டி அடுத்த பில் போடற நாள்லதான் கணக்குல ஏறும். அதுவரைக்கும் ஆப் பூஜ்யம்னுதான் காட்டும். 12ஆம் தேதி வரைக்கும் பொறுங்க.

குளச்சல் காற்று, 7 செப்டம்பர்

அண்ணாச்சி, பூஜ்யத்துக்குள்ளயும் வட்டி வளருமா? கடல்ல வலை போடறவன் கூட இப்படி மீன் பிடிக்க மாட்டான்.

அருமனை பிரவாசி, 8 செப்டம்பர்

நானும் இப்படித்தான் மாட்டினேன். வளைகுடால இருந்து ஊருக்கு வந்தப்போ கார்டு பாக்கி 62,000. வசூல் ஆள் 35,000 கட்டினா முடிச்சுத் தாறேன்னு சொன்னான், கட்டி முடிச்சுட்டேன். இப்ப வீட்டுக் கடன் கேட்டா கிடைக்கலை. நீங்களும் குறைச்சுப் பேசிப் பாருங்க டீச்சர், ஆனா கடிதம் வாங்கிக்குங்க.

தக்கலை பழைய காசாளர், 8 செப்டம்பர்

தம்பி, உங்க விஷயம் வேற. குறைச்சுக் கட்டி முடிச்சா கடன் அறிக்கையில 'செட்டில்டு'ன்னு விழும். முழுசாக் கட்டி மூடினா 'குளோஸ்டு'. டீச்சருக்குக் குறைச்சுப் பேச ஒண்ணும் இல்லை, அவங்க முழுசாக் கட்டறவங்க. மீதி 27,000த்தை இப்ப கட்டி அதை மாத்தச் சொல்ல வழி இருக்கு, தனி இழை போடுங்க, சொல்றேன்.

மார்த்தாண்டம் டீச்சர், 12 செப்டம்பர்

பில் வந்துட்டு. அண்ணாச்சி சொன்னபடிதான். வட்டி 336.53. அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 60.58. அதோட அத்தையோட போஸ்ட்பெய்டு போன் பில் 471 ரூபாய் 8ஆம் தேதி கார்டுல இருந்து போயிருக்கு. அதை நான் மறந்தே போயிருந்தேன். மொத்தம் 868.11.

வட்டியை நானே போட்டுப் பார்த்தேன். கணக்கு டீச்சரா இருந்துட்டு அப்படியே நம்பக் கூடாதில்லையா. மாசம் 3.5 சதவீதம், வருஷத்துக்கு 42. ஆகஸ்ட் 1ல இருந்து செப்டம்பர் 1 வரைக்கும் 31 நாள் 8,640க்கு, அப்புறம் மூணு நாள் 8,208க்கு. ரெண்டையும் சேர்த்து 42 சதவீதம் போட்டு 365ஆல வகுத்தா அதே 336.53தான் வருது. மூணு நாள் தாமதத்துக்கு 34 நாள் வட்டி. கணக்குல பிழை இல்லைங்கறதுதான் எனக்கு எரிச்சல்.

ரப்பர்வெட்டு குலசேகரம், 12 செப்டம்பர்

செரி, 868 கட்டிட்டு மூடிடுங்க. போன் பில் ஆட்டோபே எல்லாம் கார்டு மூடினா தன்னால செத்துப் போகும்.

தக்கலை பழைய காசாளர், 13 செப்டம்பர்

கார்டுல இருந்து பணம் எடுக்கறது நிக்கும். போன் கம்பெனிக்காரனுக்குச் சேர வேண்டிய பணம் நிக்காது. அடுத்த மாசம் எடுக்க முயற்சி பண்ணுவான், கிடைக்காது, அத்தையோட போனை வெட்டுவான். இதுவே இன்சூரன்ஸ் பிரீமியமா இருந்தா பாலிசி காலாவதி ஆகி, நமக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரிய வரும்.

இன்னொண்ணு. ஆட்டோபேன்னு எல்லாரும் ஒரே பேர்ல சொல்றாங்க. ரெண்டு திசை இருக்கு. கார்டுல இருந்து கடைக்காரனுக்குப் போறது ஒண்ணு, சேமிப்புக் கணக்குல இருந்து கார்டுக்கு வாறது இன்னொண்ணு. போறதை முதல்ல நிறுத்தணும், வாறதைக் கடைசியில. வாறதை முதல்ல நிறுத்திட்டா, நடுவுல விழுற சின்ன பில்லை யாரும் கட்டாம விட்டு திரும்பவும் வட்டி.

மார்த்தாண்டம் டீச்சர், 14 செப்டம்பர், ஞாயிறு

868.11 நேத்தே கட்டியாச்சு. இன்னிக்கு பூசை முடிஞ்சு வந்து மேசையில உக்காந்து பழைய பில்களை எடுத்தேன். மூணு மாசம் பார்த்தா போதும்னு நினைச்சேன். போன் பில்லும், பிள்ளைகள் பாக்கிற சினிமா ஆப்பும் மட்டும் இருந்துது. எதுக்கும்னு பன்னிரண்டு மாசமும் பார்த்தேன். போன அக்டோபர்ல 1,300 ரூபாய், போன்ல போட்டோ சேமிக்கிற இடத்துக்கு வருஷச் சந்தா. வருஷத்துக்கு ஒரு தடவை விழறது மூணு மாச பில்லுல எங்க இருந்து தெரியும்?

அதுக்கப்புறம் வங்கியோட இணையப் பக்கத்துல கார்டு மேல இருக்கிற தொடர் அனுமதிகளைப் பார்க்கிற இடத்தைத் தேடிப் பிடிச்சேன். அங்க நாலு இருக்கு! நாலாவது எதுன்னா, மூணு வருஷம் முன்னாடி நிறுத்தின ஒரு பத்திரிகைச் சந்தா. சந்தாவை நிறுத்தியிருக்கேன், அனுமதி உயிரோட இருக்கு.

தக்கலை பழைய காசாளர், 14 செப்டம்பர்

ரெண்டு இடத்துலயும் நிறுத்தணும். வங்கிப் பக்கத்துல அனுமதியை ரத்து பண்றது ஒண்ணு, கடைக்காரன் பக்கத்துல சந்தாவை நிறுத்தறது இல்லை வேற கார்டைக் கொடுக்கறது இன்னொண்ணு. 2021 அக்டோபர்ல இருந்து இந்த மாதிரி தொடர் பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடியே தகவல் வரணும். உங்களுக்கு வந்திருக்கும், எஸ்எம்எஸ் குப்பையில தேடிப் பாருங்க.

மார்த்தாண்டம் டீச்சர், 14 செப்டம்பர், திரும்பவும்

வந்திருக்கு. 7ஆம் தேதி, அத்தையோட போன் பில்லுக்கு. பட்டுச்சேலை தள்ளுபடி மெசேஜ் ரெண்டுக்கு நடுவுல.

மார்த்தாண்டம் டீச்சர், 21 செப்டம்பர்

நாலும் ரத்து. அத்தையோட போன் பில்லை டெபிட் கார்டுக்கு மாத்தியாச்சு. கடிதம் எழுதி முடிச்சேன். வங்கிக்கு ஆங்கிலத்துலதான் போகுது, சாரத்தை இங்க தமிழ்ல போடறேன், யாருக்காவது உபயோகப்படும்.

> பொருள்: கடைசி நான்கு இலக்கம் … கொண்ட கிரெடிட் கார்டு கணக்கை நிரந்தரமாக மூடக் கோருதல்.
>
> மேற்படி கணக்கையும் அதன் கீழுள்ள கூடுதல் கார்டையும் மூடும்படி கேட்டுக்கொள்கிறேன். 12.09.2025 பில் தொகை 868.11 ரூபாய் 13.09.2025 அன்று செலுத்தப்பட்டது. பில்லில் ஏறாத வட்டி, கட்டணம், தவணை எதுவும் இருந்தால் அதன் தொகையை எழுத்தில் தெரிவிக்கவும், உடனே செலுத்துகிறேன். இக்கடிதத் தேதிக்குப் பின் வருஷக் கட்டணம் விதிக்க வேண்டாம். கார்டின் மேல் உள்ள எல்லாத் தொடர் அனுமதிகளையும் ரத்து செய்யவும். மிகுதித் தொகை இருந்தால் என் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கவும்.
>
> கணக்கு மூடப்பட்ட தேதியையும், பாக்கி ஏதும் இல்லை என்பதையும் குறிப்பிட்டு எழுத்துமூலம் உறுதிக் கடிதம் அனுப்பவும். கார்டை வேறு சலுகையில் தொடர எனக்கு விருப்பமில்லை.

முழுக் கார்டு எண்ணையோ பின்பக்க மூணு இலக்கத்தையோ எழுதலை. கார்டைக் கூட வைக்கவும் இல்லை.

தக்கலை பழைய காசாளர், 21 செப்டம்பர்

கடைசி வரி ரொம்ப முக்கியம், ஏன்னு பின்னால தெரியும். அதே வாசகத்தை அன்னிக்கே மின்னஞ்சல்லயும் அனுப்பிடுங்க, ஆப்ல கோரிக்கையும் போட்டு எண்ணைக் குறிச்சு வையுங்க. தபால்ல அனுப்பினாத்தான் மூடுவோம்னு அவங்க சொல்லவே கூடாது, விதியில தடை இருக்கு. கடிதம் நம்ம சாட்சிக்கு. மின்னஞ்சல் கடிகாரத்தை ஓட வைக்கறதுக்கு. கோரிக்கை போய்ச் சேர்ந்து ஏழு வேலை நாள்ல மூடணும். மூடலைன்னா ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தரணும்.

குளச்சல் காற்று, 21 செப்டம்பர்

அப்ப மூடாம இருக்கச் சொல்லி நான் கடலம்மைக்கு நேர்ச்சை வைக்கிறேன்.

மார்த்தாண்டம் டீச்சர், 22 செப்டம்பர்

ரிஜிஸ்டர் தபால் வேணும்னு கேட்டேன். கவுண்டர்ல இருந்தவங்க, அது ஸ்பீட் போஸ்ட்டோட சேர்ந்துட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுக்கணும்னா ஸ்பீட் போஸ்ட்லயே தனியாச் சொல்லுங்கன்னு சொன்னாவ. சொன்னேன். ரசீதை அப்பவே போன்ல படம் எடுத்தேன், அந்தத் தாள்ல மை ஒரு மாசத்துல பறந்துடும். மின்னஞ்சலும் போயாச்சு, ஆப்ல கோரிக்கை எண்ணும் வந்தாச்சு.

மார்த்தாண்டம் டீச்சர், 24 செப்டம்பர்

வங்கியில இருந்து ஒரு பெண் கூப்பிட்டாங்க. ஸ்கூல் இன்டர்வெல். 'மேடம், எட்டு வருஷ வாடிக்கையாளர், இந்த வருஷக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்றோம், வரம்பையும் கூட்டித் தாறோம்'னாங்க. பிள்ளைங்க சத்தத்துல பாதி கேக்கலை. 'செரி, செரி, அப்புறம் பேசுறேன்'னு வச்சிட்டேன்.

தக்கலை பழைய காசாளர், 24 செப்டம்பர்

அந்த 'செரி' எனக்குப் பிடிக்கலை.

மார்த்தாண்டம் டீச்சர், 25 செப்டம்பர்

கடிதம் போய்ச் சேர்ந்துட்டுன்னு இணையத்துல காட்டுது.

மார்த்தாண்டம் டீச்சர், 3 அக்டோபர்

முடிஞ்சது! 'உங்கள் கோரிக்கை மூடப்பட்டது'ன்னு எஸ்எம்எஸ் வந்துட்டு. இரும்பு வெட்டுற கத்திரிக்கோல் வாங்கி, சிப் ரெண்டாப் பிளக்குற மாதிரி வெட்டியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

தக்கலை பழைய காசாளர், 3 அக்டோபர்

டீச்சர், இன்னொரு தடவை வாசிங்க. கார்டோட கடைசி நாலு இலக்கம் அதுல இருக்கா? 'கார்டு கணக்கு'ன்னு வார்த்தை இருக்கா?

மார்த்தாண்டம் டீச்சர், 3 அக்டோபர், பத்து நிமிஷம் கழிச்சு

இல்லை. கோரிக்கை எண்தான் இருக்கு. ஆப்பைத் திறந்தேன், கார்டு சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, வரம்போட.

மார்த்தாண்டம் டீச்சர், 4 அக்டோபர்

கஸ்டமர் கேர்ல இருபது நிமிஷம் பாட்டு கேட்டு, கடைசியில பதில் கிடைச்சுது. 24ஆம் தேதி 'வாடிக்கையாளர் கார்டைத் தொடரச் சம்மதித்தார்'னு குறிச்சு கோரிக்கையை முடிச்சிருக்காங்க. மூடினது கோரிக்கையை, கார்டை இல்லை. எனக்க 'செரி'க்கு இவ்வளவு விலை. கடிதம் என்ன ஆச்சுன்னு கேட்டா, அது வேற பிரிவுக்குப் போகுமாம், இவங்களுக்குத் தெரியாதாம்.

ரப்பர்வெட்டு குலசேகரம், 4 அக்டோபர்

கார்டைத்தான் வெட்டிட்டீங்களே டீச்சரே, இனி யாரு என்ன பண்ண முடியும்?

மார்த்தாண்டம் டீச்சர், 4 அக்டோபர்

பிளாஸ்டிக்கைத்தான் வெட்டினேன், கணக்கை இல்லை. உங்க மரத்துல பட்டையை வெட்டினா பால் நிக்குமா?

மார்த்தாண்டம் டீச்சர், 12 அக்டோபர்

பில் வந்திருக்கு. வருஷக் கட்டணம் 999, ஜிஎஸ்டி 179.82, ஆக 1,178.82. போன்ல தள்ளுபடின்னு சொன்னதும் இல்லை. 1,300 ரூபாய் போட்டோ சந்தா வரலை, அனுமதி ரத்தானதால. ஒரு நல்ல செய்தி. இப்ப பயம் என்னன்னா, இந்த 1,178ஐக் காட்டி 'உங்களுக்குப் பாக்கி இருக்கு, அதனாலதான் மூடலை'ன்னு சொல்லிடுவாங்க. கட்டிடவா? கட்டினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆகுமா?

அருமனை பிரவாசி, 12 அக்டோபர்

கட்டாதீங்க, கட்டினா போச்சு.

தக்கலை பழைய காசாளர், 13 அக்டோபர்

சண்டை போடறதா இருந்தாலும் கடைசித் தேதி நவம்பர் 1, அதுவரைக்கும் நேரம் இருக்கு. முதல்ல புகார் பிரிவுக்கு எழுதுங்க. செப்டம்பர் 22 மின்னஞ்சல், 25ல கடிதம் சேர்ந்த சான்று, 'தொடர விருப்பமில்லை'ங்கற வரி, மூணையும் இணையுங்க. எழுத்துல கேட்டதை, போன்ல சொன்ன ஒரு 'செரி' ரத்து பண்ணாது, அந்த அழைப்போட பதிவைத் தாங்கன்னு கேளுங்க. கட்டணம் விழுந்தது கோரிக்கைக்கு அப்புறம், அதனால அதைத் திருப்பணும்னு கேளுங்க. அக்டோபர் 28 வரைக்கும் பதில் இல்லைன்னா 'ஆட்சேபத்தோட கட்டுகிறேன்'னு எழுதிக் கட்டிடுங்க. 1,178க்காக 42 சதவீத வட்டியும் கடன் அறிக்கையில ஒரு கறுப்புப் புள்ளியும் வேண்டாம்.

மார்த்தாண்டம் டீச்சர், 18 அக்டோபர்

நேத்து மூடிட்டாங்க. இந்தத் தடவை எஸ்எம்எஸ்ல நாலு இலக்கமும் இருக்கு. மின்னஞ்சல்ல கடிதம்: கணக்கு 17.10.2025 அன்று மூடப்பட்டது, பாக்கி ஏதும் இல்லை. கட்டணமும் ஜிஎஸ்டியும் தனித்தனியா திரும்ப வரவு வச்சிருக்காங்க. அழைப்புப் பதிவைப் பத்தி மூச்சு விடலை.

ஆப்ல இனி நுழைய முடியாதாம். நல்லவேளை பன்னிரண்டு மாச பில்லையும் முன்னாடியே இறக்கி வச்சிருந்தேன். சேமிப்புக் கணக்குல இருந்து கார்டுக்குப் போற ஆட்டோபேயை இன்னிக்குத்தான் நிறுத்தினேன்.

மார்த்தாண்டம் டீச்சர், 19 அக்டோபர்

500 ரூபாய்க் கணக்கு போட்டேன். மின்னஞ்சல் 22ஆம் தேதி, ஏழாவது வேலை நாள் அக்டோபர் 3. 4ல இருந்து 17 வரைக்கும் 14 நாள், 7,000 ரூபாய். கடிதம் சேர்ந்த 25ல இருந்து எண்ணினா, 27 நாலாவது சனி, 1ஆம் தேதி ஆயுத பூஜை, 2ஆம் தேதி காந்தி ஜெயந்தி, எல்லாம் போக ஏழாவது நாள் அக்டோபர் 7. அப்படின்னா 10 நாள், 5,000.

குளச்சல் காற்று, 19 அக்டோபர்

ஆயுத பூஜைக்கு எல்லா மாநிலத்துலயும் லீவு இல்லையே. கார்டு ஆபீஸ் வேற மாநிலத்துல இருந்தா?

தக்கலை பழைய காசாளர், 19 அக்டோபர்

விளையாட்டாக் கேட்டாலும் நல்ல கேள்வி. என்னைக் கேட்டா மின்னஞ்சல் தேதிதான். ஆனா அவங்க 'முதல் கோரிக்கை வாபஸ், ரெண்டாவது 13ஆம் தேதி, நாலே நாள்ல மூடிட்டோம்'னு சொல்லுவாங்க. பாக்கி இல்லாத கணக்குக்குத்தான் அபராதம்னும் விதியில இருக்கு, அதனால 12ஆம் தேதி கட்டணத்தையும் இழுப்பாங்க. அவங்களே அதைத் திருப்பிட்டதுதான் உங்க பக்கம் பலம்.

மார்த்தாண்டம் டீச்சர், 24 நவம்பர்

மறந்துடலை. கடன் அறிக்கை எடுத்துப் பார்த்தேன், வருஷத்துக்கு ஒண்ணு இலவசம். 'குளோஸ்டு', பாக்கி 0, மூடின தேதி 17.10.2025. 30 நாளுக்குள்ள சேர்த்திருக்காங்க.

500 ரூபாய் விஷயத்துக்கு, அண்ணாச்சி சொன்ன அதே வாக்கியத்தைத்தான் வங்கி அனுப்பியிருக்கு, 'வாபஸ்'னு. புகார் கொடுத்து 30 நாள் தாண்டிட்டதால நேத்து cms.rbi.org.in தளத்துல குறைதீர்ப்பாளருக்குப் பதிவு பண்ணினேன். 7,000ன்னுதான் கேட்டிருக்கேன். அந்த 24ஆம் தேதி அழைப்புப் பதிவையும் கேட்டிருக்கேன், அதுல பின்னால பிள்ளைங்க ஏழாம் வாய்ப்பாடு சொல்றது கேக்கும்.

போட்டோ சந்தாவைப் புதுப்பிக்கலைன்னு இப்ப வீட்டுல இடம் நிறைஞ்சு போச்சு, அத்தை பேரன் படம் எடுக்க முடியலைன்னு என்னைத்தான் கேக்காவ.